நடுக்கோட்டில் அலை இல்லை

ரேணுகாம்பாளிடம் இயற்பியல் படித்த பெண்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எந்தச் சோதனையைச் செய்தாலும் முதலில் ‘பார்த்தது’ என்று தலைப்புப் போட்டு, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். ‘காரணம்’ அதற்கு அப்புறம்தான். ஒருமுறை ‘தண்ணீர் கொதித்தது’ என்று எழுதிய பெண்ணை எழுப்பி நிறுத்தி, கொதித்ததைப் பார்த்தாயா, குமிழி வந்ததைப் பார்த்தாயா என்று அவர் கேட்டது, அந்தப் பள்ளியில் பல வருஷம் வேடிக்கைப் பேச்சாக ஓடியது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அவர் வீட்டிலும் இதே கதைதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்த கணவர், மழை வரும்போலிருக்கிறது என்று சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்ற கேள்வி வரும். பாவம், அவர் மழையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்ட குடும்பத்திலிருந்து வந்து, திருவண்ணாமலையில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் ஆசிரியை ஆனவர் ரேணுகாம்பாள். அதிகம் பேசமாட்டார். ஆசிரியர் கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஒரு கூட்டத்தையே நிறுத்தி வைத்துப் பேசினார். 1998ஆம் வருஷத்துத் தொடக்கத்தில் நடந்தது அது.

குறுக்கீட்டு விளைவு என்ற பாடத்தை அதுவரை அவர் கரும்பலகையிலேயே நடத்தி வந்தார். இரண்டு புள்ளிகளிலிருந்து வட்டம் வட்டமாக அலை கிளம்பும். அலையின் மேடு முகடு, பள்ளம் அகடு. முகடும் முகடும் சேர்கிற இடத்தில் நீர் ஏறி இறங்கி ஆடும்; அது எதிர்க்கணு. முகடும் அகடும் சேர்கிற இடத்தில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு நீர் அசையாமல் கிடக்கும், அது கணு. இரண்டு சாக்கட்டி நிறத்தில் வட்டம் போட்டு இதைச் சொல்லி முடித்தாலும், ‘பார்த்தது’ என்ற தலைப்பின் கீழ் பெண்கள் எழுத ஒன்றும் இருக்காது. அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வருஷம் தானே ஒரு சிற்றலைத் தொட்டி செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

சன்னல் கண்ணாடி ஒன்றை அடியாகப் போட்டு, நாலு கால் வைத்து, தச்சர் அப்பாசாமி ஒரு ஆழமில்லாத மரத் தொட்டி செய்து கொடுத்தார். கோயில் பக்கத்து வளையல் கடையில் வாங்கிய இரண்டு கண்ணாடி மணிகள், பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய மோட்டார், அதன் தண்டில் ஒரு பக்கமாக ஒட்டிய அரக்கு உருண்டை. ஒரு கட்டை, இரண்டு ரப்பர் பட்டைகளில் ஊஞ்சல் மாதிரி தொங்கியது. கட்டையின் நடுவில் மோட்டார்; அது சுழன்றால் அரக்கின் எடையில் கட்டை மேலும் கீழும் குலுங்கும். கட்டையிலிருந்து இறங்கிய இரண்டு கம்பிகளின் முனையில் மணிகள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. அலை சுவரில் மோதித் திரும்பாமல் இருக்கத் தொட்டியின் ஓரமெல்லாம் பழைய புடவைத் துண்டுகள். மேலே ஒரு பல்பு, கீழே தரையில் வெள்ளைத் தாள்.

மோட்டார் ஓடியதும் தாளில் நிழல் அசைந்தது. நீரின் முகடு லென்ஸ் மாதிரி ஒளியைக் குவிப்பதால் தாளில் பளிச்சென்று வெள்ளை வளைவாக விழும். அகடு கறுப்பு வளைவாக விழும். அசையாத நீருக்கு வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, வெறும் சாம்பல். இரண்டு மணிகளுக்கும் சரிநடுவே, நேராக வெளியே ஓடும் கோட்டில், வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஓடின. அதாவது எதிர்க்கணு. அதன் இரு பக்கமும் சாம்பல் நிறக் கோடுகள் விசிறியாக விரிந்தன. பாடப் புத்தகம் சொன்னது அப்படியே தாளில் நடந்தது. ரேணுகாம்பாள் அன்று மதியம் சாப்பிட மறந்துவிட்டார்.

இதைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியது அவருக்கு. செங்கம் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த அருணகிரி, ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டிருந்த ஆள். ஓடுகிற அலையைச் சாதாரணமாக எடுத்தால் கலங்கிப் போய்விடும், அறையை இருட்டாக்கி ஒரே ஒரு பிளாஷில் எடுத்தால் அலை அப்படியே நின்ற மாதிரி விழும் என்றார். ஆனால் அன்றைக்குப் பார்த்து ரப்பர் பட்டை நைந்துபோய், கட்டை பக்கவாட்டில் தள்ளாடியது. அருணகிரி முகம் சுளித்தார். அப்பாசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“இது இன்னா டீச்சரம்மா, ஆட்டம் ஜாஸ்தியா இருக்குது” என்று சொல்லிக்கொண்டே வந்த அப்பாசாமி, ரப்பர் பட்டைகளை எடுத்துவிட்டு, கட்டையின் நடுவில் ஓர் ஆணியை இறுக்காமல் அடித்து மேல்சட்டத்தில் மாட்டினார். நடுவில் ஆணி வந்துவிட்டதால் மோட்டார் ஒரு கோடிக்கு நகர்ந்தது; எடை சரிக்கட்ட மறு கோடியில் ஒரு கல்லைக் கட்டினார். இப்போது கட்டை தள்ளாடவில்லை. சன்னல்களுக்குப் புடவை கட்டி, அருணகிரி ஸ்டூல் மேல் ஏறி நின்று பிளாஷை உயர்த்திப் பிடித்தார். இருட்டில் ஒரு மின்னல், அவ்வளவுதான். எடுத்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

படம் அழகாக வந்திருந்தது. ஊரில் நாலைந்து பள்ளிகள் சேர்ந்து நடத்தும் திருப்புதல் தேர்வில் அதைக் கேள்வியாகப் போடலாம் என்று ஆசிரியர்கள் எல்லோரும் சொன்னார்கள். ரேணுகாம்பாள் அளவுகோலை வைத்து, இரண்டு மணிகளின் நடுவிலிருந்து மசியால் ஒரு நேர்க்கோடு இழுத்து, அதன் மேல் A என்று ஒரு புள்ளி வைத்தார். வெள்ளை வளைவுகளுக்கு இடையே அளந்து அலைநீளத்தைக் கண்டுபிடித்து, இரு மணிகளிலிருந்தும் தூரம் அரை அலைநீளம் வித்தியாசப்படுகிற ஓர் இடத்தைக் கணக்குப் போட்டுக் குறித்து B என்று வைத்தார். படத்தைப் பார்த்து, A, B இரண்டில் எது கணு, எது எதிர்க்கணு என்று காரணத்தோடு எழுதுக, ஐந்து மதிப்பெண். விடைக் குறிப்பும் அவரே எழுதினார். A எதிர்க்கணு, B கணு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த வருஷம் அந்தத் தேர்வுக்கு ஒரு கனம் கூடியிருந்தது. கோடை விடுமுறையில் சென்னையில் நடக்கும் அறிவியல் முகாமுக்கு ஊரிலிருந்து ஒரே ஒரு மாணவரை அனுப்பலாம் என்று அழைப்பு வந்திருந்தது. இயற்பியலில் முதலாவதாக வருபவரை அனுப்புவது என்று ஆசிரியர்கள் தீர்மானித்திருந்தார்கள். ரேணுகாம்பாளின் வகுப்பில் இருந்த கவிநிலாவுக்கு அந்த முகாம் மேல் ஒரு கண். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். மேலே படிக்க வைக்கலாமா, இல்லை இதோடு நிறுத்திவிடலாமா என்று அவள் வீட்டில் இரண்டு மனசாக இருந்தார்கள். முகாமுக்குப் போய் வந்த பெண் என்றால் அப்பா சரி என்பார் என்று அவள் தோழிகளிடம் சொல்லியிருந்தாள். அது டீச்சரின் காதுக்கும் வந்திருந்தது.

கவிநிலாவின் விடைத்தாளைத் திருத்தும்போது ரேணுகாம்பாளின் கை ஒரு இடத்தில் நின்றது. A கணு, B எதிர்க்கணு என்று எழுதியிருந்தாள். வருஷா வருஷம் நாலு பெண்கள் செய்கிற தப்புதான். ஒளிப் பட்டைகளில் இருட்டாக இருக்கிற இடம் கணு மாதிரி என்று அடுத்த பாடத்தில் படித்துவிட்டு, புத்தகத்து நீர் அலைப் படத்திலும் கறுப்பைப் பார்த்ததும் கணு என்று எழுதிவிடுவார்கள். கறுப்பு என்பது அகடு. ஒரு நொடியில் அங்கே முகடு வந்துவிடும். வருத்தத்தோடு சுழி போட்டு அடுத்த தாளுக்குப் போனார்.

கூட்டிப் பார்த்தபோது, ஆண்கள் பள்ளியில் படித்த முருகவேல் முதலாவது. ஏழு மதிப்பெண் பின்னால் கவிநிலா இரண்டாவது.

தாள்களைப் பார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்ட அன்று சாயங்காலம் கவிநிலா ஆய்வகத்து வாசலில் வந்து நின்றாள். கையில் கேள்வித்தாள்.

“மார்க்குக்காக வரல டீச்சர்” என்று ஆரம்பித்தாள். பிறகு, “மார்க்குக்காகவும்தான்” என்றாள்.

ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு, கறுப்புக்கும் கணுவுக்கும் உள்ள வித்தியாசத்தை மறுபடி சொல்லத் தொடங்கினார். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுவிட்டு, மேசை மேலிருந்த கட்டிலிருந்து தன் விடைத்தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

“நான் கறுப்புன்னு எழுதலியே டீச்சர். சாம்பல்னுதான் எழுதியிருக்கேன்.”

உண்மைதான். ‘பார்த்தது’ என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தாள். கோட்டின் இரண்டு ஓரமும் முழுக்கச் சாம்பலாக இருக்கிறது. வெளியே போகப் போக அந்தச் சாம்பல் அகலமாகிறது. கோட்டுக்கு இடது பக்கம் வெள்ளை வளைவு வந்து முடிகிற இடத்துக்கு எதிரே, வலது பக்கம் கறுப்பு வளைவு இருக்கிறது. இரண்டு பக்கத்து வெள்ளையும் ஓர் இடத்திலும் சேரவில்லை. ஆகவே A கணு. சுழி போட்ட கை இந்த நாலு வரியைப் படிக்கவே இல்லை.

ரேணுகாம்பாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அச்சிட்ட படத்தைப் பார்த்தார். செங்கல் சுவரில் ஒரு வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் செங்கல் வருவது போல, கோட்டின் இரண்டு பக்கமும் வளைவுகள் விலகி விலகி நின்றன. நடுவே ஓடிய சாம்பல் கோட்டின் மேலேயே தான் மசியை இழுத்து மூடியிருப்பது தெரிந்தது. B இருந்த இடத்தில் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறிப் பளிச்சென்று இருந்தன. அளந்து வைத்த புள்ளி, பார்த்து வைக்கவில்லை.

“ஆனா நான் கண்ணால பார்த்தேனே, நடுவுல எதிர்க்கணு இருந்துச்சே” என்று அவர் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

“அது எப்ப டீச்சர்?”

ரேணுகாம்பாள் எழுந்து தொட்டியிடம் போனார். படம் எடுத்த நாளிலிருந்து அது அப்படியே மூலையில் கிடந்தது. மோட்டாரைப் போடவில்லை. கட்டையின் ஒரு கோடியை விரலால் மெதுவாக அழுத்தினார். அந்தப் பக்கத்து மணி கீழே இறங்கியது. மறு பக்கத்து மணி மேலே ஏறியது. கையை எடுத்ததும் அது இறங்கி, இது ஏறியது. பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடுகிற பலகை மாதிரி.

இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. ரப்பர் பட்டையில் தொங்கியபோது இரண்டு மணிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அப்போது சரிநடுவில் முகடும் முகடும் ஒரே சமயத்தில் வந்து சேரும், எதிர்க்கணு. நடுவில் ஆணி அடித்த பிறகு ஒன்று முகடு அனுப்பும்போது மற்றது அகடு அனுப்புகிறது. சரிசமமான தூரம் ஓடி வந்து நடுக்கோட்டில் இரண்டும் அடித்துக்கொண்டு அடங்கிவிடும், கணு. அரை அலைநீளம் வித்தியாசமுள்ள B-யில் பிந்தி வருவது அந்த வித்தியாசத்தை ஈடுகட்டி, முகடும் முகடுமாகச் சேர்ந்துவிடும், எதிர்க்கணு. விடைக் குறிப்பு தலைகீழ்.

“யார்கிட்டயும் சொல்லாத, நான் பேசுறேன்” என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கவிநிலா ஓடினாள். ரேணுகாம்பாளுக்கு அதற்கு மேல்தான் பயம் வந்தது. பேசுகிறேன் என்று சொல்லிவிட்டார். யாரிடம் பேசுவது? தேர்வுக் குழுவுக்குத் தலைவர் புகழேந்தி. முருகவேலின் ஆசிரியர். முடிவு வந்த பிறகு, விடையை மாற்றுங்கள், என் மாணவிதான் முதல் என்று ஒருத்தி போய் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? தானே அந்த இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். நல்லபடியாக நினைத்திருக்க மாட்டோம் என்றுதான் தோன்றியது.

மறுநாள் அருணகிரியிடம் போய், மசிக்கோடு இல்லாமல் அதே படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். நெகட்டிவ் பத்திரமாக இருந்தது.

கூட்டம் ஆண்கள் பள்ளியில் நடந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் ஆதலால், மலை சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் கூட்டத்தில் பஸ்கள் திணறி, ஆசிரியர்கள் ஒவ்வொருவராகத் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். முகாமுக்கு முருகவேலின் பெயரை அனுப்புவது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்தில் கடைசி நாற்காலியிலிருந்து ரேணுகாம்பாள் எழுந்தார். ஒன்றும் விளக்காமல் படத்தை மேசையில் வைத்து, நடுவில் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

புகழேந்தி சத்தமாகச் சிரிக்கிற மனிதர், கெட்டவர் இல்லை. படத்தைப் பார்க்காமலே நடுவில் எதிர்க்கணுதான் என்றார். பார்த்துச் சொல்லுங்கள் என்று ரேணுகாம்பாள் மறுபடி கேட்டதும் படத்தைக் கையில் எடுத்தார். சன்னல் பக்கம் திருப்பினார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ரேணுகாம்பாள் ஆணியின் கதையைச் சொன்னார். கையில் இருந்த பேனாவை நடுவில் பிடித்து ஒரு கோடியை அழுத்திக் காட்டினார். தன் தாளில் கவிநிலா என்ன எழுதியிருந்தாள் என்பதையும், அதற்குத் தான் சுழி போட்டதையும் சொன்னார்.

“யாரு, உங்க ஊர்க்காரப் பொண்ணா?” என்றார் புகழேந்தி.

அறையில் ஒருவர் இருமினார். ரேணுகாம்பாளின் காதுகள் சிவந்தன. ஆனால் உட்காரவில்லை.

“ஆமாங்க சார். எங்க ஊருதான். நடுவுல இருக்கிறது கணுவா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

புகழேந்தி படத்தை மேசையில் வைத்துவிட்டு, கணுதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு வழி சொன்னார். கேள்வியில் குழப்பம் வந்துவிட்டது, எல்லோருக்கும் அந்த ஐந்து மதிப்பெண்ணை நீக்கிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மற்றவர்கள் தலையாட்டினார்கள். ரேணுகாம்பாள் மனசுக்குள் கூட்டிக் கழித்தார். நீக்கினாலும் முருகவேல் இரண்டு மதிப்பெண் முன்னால்தான். தலையாட்டிவிட்டால் தன்னைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. நியாயமாக நடந்துகொண்ட டீச்சர் என்ற பேரும் மிஞ்சும். கவிநிலா மட்டும் போக மாட்டாள்.

“கேள்வி தப்பில்லீங்க சார்” என்றார். “படத்தைப் பார்த்து எழுதுன்னு கேட்டோம். படமும் தப்பில்ல, கேள்வியும் தப்பில்ல. நான் எழுதின விடைதான் தப்பு. என் தப்புக்கு, பார்த்து எழுதின பிள்ளையோட மார்க்கை எப்படிங்க எடுக்கிறது?”

மணிகள் ஒன்றாக ஆடுவதாகத்தானே பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், அவர்கள் மேல் என்ன குற்றம் என்று கேட்டார் ஒருவர். குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் படத்தில் இருந்ததைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் ஒரே மதிப்பெண் போட்டால், இனிமேல் படம் எதற்கு என்று ரேணுகாம்பாள் கேட்டார். எல்லாப் பள்ளித் தாள்களையும் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மறுபடி பாருங்கள், கவிநிலாவைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள் என்றார்.

புகழேந்தி அலமாரியைத் திறந்து, எல்லாப் பள்ளிகளிலிருந்தும் வந்து சேர்ந்திருந்த கட்டுகளை எடுத்துப் போட்டார். அன்று மதியம் முழுக்க ஆளுக்கொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இன்னும் மூன்று பேர் அகப்பட்டார்கள். மூன்று பேருக்கும் சுழி. அதில் ஒரு பையன், நடுவில் மங்கலாக இருக்கிறது, ஆனால் புத்தகத்தில் இப்படி இல்லையே என்று எழுதியிருந்தான். அந்த வரியைப் புகழேந்தியே வாசித்துக் காட்டினார். அது அவர் கையால் சுழி போட்ட தாள். விடை மாற்றப்பட்டது. கவிநிலா மூன்று மதிப்பெண் முன்னால் வந்தாள்.

“பேசாத ஆளுன்னு உங்களைக் கடைசி நாற்காலியில விட்டு வச்சோம் பாருங்க மேடம், எங்களைச் சொல்லணும்” என்று கையெழுத்துப் போடும்போது புகழேந்தி முணுமுணுத்தார்.

ஒரு வாரம் கழித்து அவர் முருகவேலைக் கூட்டிக்கொண்டு பெண்கள் பள்ளிக்கு வந்தார். ரேணுகாம்பாள் இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பையனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தொட்டியில் தண்ணீர் ஊற்றினார். முருகவேல் கட்டையின் ஒரு கோடியை அழுத்தி, மணிகள் ஏறி இறங்குவதைப் பார்த்தான். ஆணியைத் தொட்டுப் பார்த்தான். மறுபடி அழுத்தினான். கோபமாக இருந்தால் திட்டிவிட்டாவது போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

“நான் படத்தையே பார்க்கல மிஸ்” என்றான் அவன். “A நடுவுல இருக்குதுன்னு பார்த்தேன். உடனே எழுதிட்டேன்.”

நானும் அப்படித்தான் என்றார் ரேணுகாம்பாள்.

மே மாதம் கவிநிலா சென்னைக்குப் பஸ் ஏறினாள். வழியனுப்ப வந்திருந்த அவள் அப்பா, நிலக்கடலைப் பை ஒன்றை டீச்சரின் கையில் திணித்துவிட்டு, பொண்ணு திரும்பி வந்ததும் எந்தக் காலேஜ் நல்லது என்று டீச்சரிடமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். டீச்சர் வேண்டாம் என்று சொன்ன பையை அவர் திரும்ப வாங்கவில்லை.

அதற்குப் பிறகும் பல வருஷம் ரேணுகாம்பாள் அதே பாடத்தை அதே தொட்டியில் நடத்தினார். ரப்பர் பட்டை புதிதாக வந்தது. ஆனால் ஆணியையும் அவர் தூக்கிப் போடவில்லை. பாடத்தை ஆரம்பிக்கிற அன்று கட்டையை ஆணியில் மாட்டுவார். மோட்டாரையும் பல்பையும் போட்டுவிட்டு, அளவுகோலை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சன்னல் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். நடுவில் என்ன தெரிகிறது என்று பெண்கள் குனிந்து பார்த்து ஆளுக்கொன்று சொல்லித் தங்களுக்குள் சண்டை பிடித்து ஓய்கிற வரைக்கும், அவர் வாயைத் திறக்க மாட்டார்.